கடைசித் தவணையும் ஒரு கையெழுத்தும்

“அண்ணாச்சி, மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்த நிரலும் உங்களுக்குத்தானா?” என்று அந்தத் தம்பி கேட்டார். “எல்லாமும்தான்” என்றேன். உரிமை மாற்றப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அதன்பின் என் வேலை எதையும் அவர் எடுக்கவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கான மென்பொருள் அது. எடைமேடைச் சீட்டு, ஈரப்பதத்துக்கான கழிவு, தரகர் கமிஷன் ஆகியவற்றை ஒரே இடத்தில் முடிக்க வேண்டும். எங்களிடம் ஆள் போதாததால், வீரவநல்லூரில் வீட்டிலிருந்தே வேலை செய்யும் அவரிடம் 60,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். ஒப்பந்தம் என்று இருந்தது ஒரு மின்னஞ்சல். அதில் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்த ‘ஒர்க் மேட் ஃபார் ஹயர்’ என்ற ஒரு வரி. அந்த வரி போதும் என்றே நம்பினேன்.

கூலி கொடுத்துச் செய்வித்த படைப்பு கொடுத்தவருக்கே சொந்தம் என்று சொல்லும் அது, அமெரிக்கச் சட்டத்துச் சொல். நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் மென்பொருளும் இலக்கியப் படைப்பாகவே கருதப்படுகிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பணியின் பகுதியாக எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதலாளிக்கு உரிமை. வெளியாள் எழுதிய நிரல், கூலி முழுவதும் கொடுத்த பிறகும் எழுதியவருக்கே சொந்தம். அதை மாற்ற 19ஆம் பிரிவின்படி எழுத்தில் ஒப்படைப்பு வேண்டும், எழுதியவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, எவ்வளவு காலம், எந்த நாடுகளில் என்பவையும் அதில் இருக்க வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டால் ஐந்து ஆண்டுகள்தான். இடத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

இதையெல்லாம் நான் படித்தது வேலை முடிந்த பிறகு, ஆலைக்காரர் போனில் கோபப்பட்ட அன்று இரவு. தம்பி இன்னொரு ஆலையில் தன் வேலையைக் காட்டியிருக்கிறார். திரையில் தரகர் பட்டியல் திறந்திருக்கிறது: பெயர், குவிண்டாலுக்கு எவ்வளவு கமிஷன், யாருக்கு எவ்வளவு முன்பணம். பார்த்தவருக்கு அந்தத் தரகர்கள் எல்லோரும் பழக்கம். சாயங்காலத்துக்குள் சேதி ஆலைக்கு வந்துவிட்டது.

தப்பு அவருடையது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறரின் கணக்கை இன்னொருவரிடம் திறந்து காட்டலாமா? ஆனால் அந்தத் தரவை அப்படியே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தது நான். சோதனைக்கு நாற்பது பொய்ப் பெயர்கள் போதும்; அதை உட்கார்ந்து தயார் செய்ய எனக்குப் பொறுமை இல்லை. எது இரகசியம், வேலை முடிந்ததும் எதை அழிக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதித் தரவில்லை. ஆலையிடம் மட்டும் இரகசியக் காப்புக்கு நான் கையெழுத்திட்டிருந்தேன். மென்பொருளின் உரிமை முழுவதையும் மாற்றித் தருவதாகவும் அதே தாளில் வாக்குக் கொடுத்திருந்தேன். என்னிடம் இல்லாததைத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே வக்கீலிடம் பத்திரம் எழுதி வாங்கி அவரை அழைத்தேன். தரவை அழித்துவிட்டதாக எழுதிக் கொடுக்கத் தயங்கவே இல்லை, உண்மையிலேயே வருந்தினார். நின்றது, மென்பொருளில் உள்ள எல்லாமே எங்களுக்கு என்ற உரிமை மாற்றத்தின் இரண்டாம் ஷரத்தில். சீட்டு அச்சிடும் பகுதியை எங்கள் வேலைக்கு வெகுகாலம் முன்பே எழுதி, வரும் எல்லா வேலையிலும் அவர் பயன்படுத்தி வந்திருக்கிறார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருடைய கடைசித் தவணை 20,000 ரூபாய் என் மேஜை இழுப்பறையில் உறையில் இருந்தது. அது அவருக்கும் தெரியும்.

ஆலை கேட்டது, நான் என்ன செய்வேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. புதிதாக எழுதியதை மட்டும் எங்களுக்கு மாற்றிவிட்டு, பழைய பகுதியை அவரே வைத்துக்கொண்டு, அதை இந்த மென்பொருளில் என்றைக்கும் பயன்படுத்த எங்களுக்கும் ஆலைக்கும் உரிமம் தந்தால் போதும். எந்தக் கோப்புகள் பழையவை என்று பத்திரத்தின் கடைசியில் ஒரு பட்டியல் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வக்கீலும் அப்படி ஒரு வழி இருப்பதைச் சொல்லத்தான் செய்தார். ஆலைக்காரரிடம் விளக்கப் போனால் வேறு ஏதாவது கேட்பார் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு ஒரு மனிதரின் கைக்கருவியை எழுதி வாங்கிவிட்டேன்.

சில நாள் எனக்கு வேறு விதமாகவும் தோன்றுகிறது. அன்று விட்டுக்கொடுத்திருந்தால், தரகர் பட்டியல் வெளியான கோபத்தில் ஆலை கணக்கையே முடித்திருக்கும். என்னிடம் வேலை பார்க்கும் மூன்று பேருக்குச் சம்பளம் நின்றிருக்கும். அதுவும் பொய்யில்லை.

அச்சிடும் பகுதியைத் திருப்பி ஒப்படைக்கும் பத்திரம் ஒன்றை அடித்து வைத்திருக்கிறேன். அதே உரிமையை ஆலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதால், என் கையெழுத்து மட்டும் போதாது. ஆலைக்காரரும் இட வேண்டும். அவருடைய கையெழுத்துக்கு இடம்விட்ட தாள் அதே இழுப்பறையில் கிடக்கிறது.