கணக்கு வேலைக்கு ஒரு தொடக்கம், கள வேலைக்கு வேறொரு தொடக்கம்

வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இரண்டு வெற்றிடங்கள் கண்ணில் பட்டன. ஒன்று நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் கணக்கு உதவியாளர். மற்றது குச்சவெளிப் பிரதேசத்தில் மீனவப் பெண்களின் சேமிப்புக் குழுக்களோடு வேலை செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்றில் கள உத்தியோகத்தர். இரண்டுக்கும் நான் காட்டக்கூடியது ஒன்றுதான்: ஏஏடி கணக்கியல் படிப்பு, திருகோணமலை நகரில் ஒரு கடையில் கணக்கு வேலை, எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எழுதிய பழக்கம். ஆனாலும் இரண்டு விண்ணப்பக் கடிதங்களின் முதல் பந்தியும் ஒன்றாக இருக்க முடியாது என்பது விளம்பரங்களை வாசித்தபோதே தெரிந்தது.

ஹோட்டல் விளம்பரம் தகுதிகளை வரிசையாகப் போட்டிருந்தது. விண்ணப்பத்தை மனிதவளப் பிரிவுக்கு அனுப்பவும், கடித உறையின் இடது மேல் மூலையில் பதவியின் பெயரை எழுதவும், உறவினரல்லாத இருவரின் பெயரைச் சான்றுக்குத் தரவும் என்று இருந்தது. தொண்டு நிறுவன விளம்பரத்திலோ, 'கரையோரச் சமூகங்களோடு ஏன் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்துக்கு மேற்படாமல் தமிழில் எழுதி, திட்ட முகாமையாளருக்கு அனுப்பவும்' என்று இருந்தது. யார் முதலில் கடிதத்தைப் பிரிப்பார், பிரித்ததும் அதை வைத்து என்ன செய்வார் என்று இரண்டு விளம்பரங்களுமே சொல்லிவிட்டன. எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

ஆட்சேர்ப்பு வேலை செய்யும் ஒரு அக்கா உவர்மலையில் இருக்கிறார். அவரிடம் போய் இரண்டு விளம்பரங்களையும் காட்டினேன். ஹோட்டல் விளம்பரத்தைப் பார்த்ததும் சொன்னார்: "பிள்ளை, இப்பிடி வாற விண்ணப்பங்களை முதலில ஒருத்தர் உட்கார்ந்து பட்டியல் போடுவார். பேர், படிப்பு, அனுபவம், எப்ப வேலைக்கு வரலாம், அவ்வளவுதான். அந்தப் பட்டியலில எழுத வேண்டியது முதல் பந்தியில இல்லையெண்டால் அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்."

சரி, ஹோட்டலுக்கான தொடக்கத்தை அந்தப் பட்டியலைப் பார்த்தே எழுதினேன்:

"தங்கள் விளம்பரத்தில் கண்ட கணக்கு உதவியாளர் பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். ஏஏடி படிப்பை முடித்துள்ளேன். 22 ஊழியர்கள் உள்ள வர்த்தக நிலையம் ஒன்றில் மூன்று வருடங்களாகச் சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதி மற்றும் நம்பிக்கை நிதிக் கொடுப்பனவுகள், மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஆகியவற்றைத் தயாரித்து வருகிறேன். ஒரு மாத முன்னறிவித்தலுடன் இணைய முடியும்."

இதில் 'கணக்கில் ஆர்வம் உள்ளவள்', 'கடின உழைப்பாளி' போன்ற சொல் ஒன்றும் இல்லை. தேவையும் இல்லை. சேமலாப நிதிக்கு ஊழியரின் 8 வீதம், முதலாளியின் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளியின் 3 வீதம், எல்லாம் அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் விழும். இதை மாதாமாதம் செய்த ஆள் என்றால் எப்படிப்பட்டவர் என்று கணக்காளருக்குத் தானாகவே விளங்கும். ஊழியர் எண்ணிக்கையைப் போட்டதும் அதற்காகத்தான். 5 பேரின் சம்பளமும் 22 பேரின் சம்பளமும் ஒரே வேலை அல்ல.

தொண்டு நிறுவனக் கடிதம்தான் அதிக நேரம் எடுத்தது. இங்கே முதலில் வாசிப்பவர் திட்ட முகாமையாளர். தெரிவாகிறவரோடு வேலை செய்யப் போகிறவரும் அவரே. அந்த ஆளுக்குப் பட்டியல் போதாது. ஊருக்குள் போனால் நான் எப்படி நடந்துகொள்வேன் என்று அவர் பார்க்க வேண்டும். அதைக் கதையாகச் சொன்னால்தான் தெரியும். எந்தக் கதை என்பதுதான் கேள்வி.

மனதில் முதலில் வந்தது 2004 சுனாமி. எங்கள் கரையில் அந்த வயதுக்காரர் எல்லோரிடமும் அந்தக் கதை இருக்கிறது, என் வீட்டிலும் இருக்கிறது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "இது உனக்கு நடந்தது. நீ என்ன செய்தாய் எண்டு இதில இல்லையே" என்றார். உண்மைதான். அதை வாசிக்கிறவர் என்மேல் இரக்கப்படலாம். சேமிப்புக் குழுக் கூட்டத்தை நான் எப்படி நடத்துவேன் என்று அவருக்கு அதிலிருந்து தெரியாது. அதனால் எங்கள் சங்கத்தில் நடந்த வேறொன்றை எடுத்தேன்:

"எங்கள் சங்கக் கூட்டத்தில் கருவாடு போடும் அம்மா ஒருவர், தன் பாஸ் புத்தகத்தில் உள்ள தொகையும் சங்கப் புத்தகத்தில் உள்ள தொகையும் ஒத்துவரவில்லை என்றார். அவரையே பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு மாதமும் கட்டியதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துக் கூட்டினோம். இரண்டு மாதக் கட்டணம் வேறொருவர் பெயரில் பதிவாகியிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டமும் கணக்கை உரக்க வாசிப்பதோடு தொடங்குகிறது. இந்த வேலையைத்தான் தங்கள் கள உத்தியோகத்தராகக் குச்சவெளிக் குழுக்களில் செய்ய விரும்புகிறேன்."

கதை நான்கு வாக்கியம், ஐந்தாவது வாக்கியம் பதவி. அந்த ஐந்தாவது வாக்கியம் முதல் பந்திக்குள்ளேயே வந்துவிட வேண்டும். அது அடுத்த பந்திக்குப் போனால், எதற்கு இதைச் சொல்கிறார் என்று வாசிப்பவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். கதை பொருந்துகிறதா என்று பார்க்க நான் செய்தது இதுதான்: ஐந்தாவது வாக்கியத்தில் பதவியின் பெயரை மாற்றி, 'ஹோட்டல் வரவேற்பாளராக' என்று வாசித்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை. சுனாமிக் கதைக்கு அதே சோதனையை வைத்தால் எந்தப் பதவியும் ஒட்டும்.

இன்னொரு விடயத்திலும் கவனமாக இருந்தேன். அந்த அம்மாவின் பெயர், ஊர், கடன் விபரம் எதையும் எழுதவில்லை. அவரை ஏழை என்றோ பாவம் என்றோ காட்டவும் இல்லை. கேள்வி கேட்டவர் அவர், அவர் கேட்டது சரியான கேள்வி. மக்களோடு வேலை செய்யும் நிறுவனத்தில் வாசிப்பவர் கதையைவிட, கதையில் வரும் மனிதரை நான் எப்படி வைத்திருக்கிறேன் என்பதைக் கூர்ந்து பார்ப்பார்.

இரண்டு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். ஹோட்டலில் கடிதத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, நேரே சம்பளப் பட்டியல் ஒன்றைத் தந்து பிடித்தங்களைக் கணக்கிடச் சொன்னார்கள். தொண்டு நிறுவனத்தில் கதையிலிருந்தே கேள்விகள் வந்தன. யாருடைய பெயரில் தவறாகப் பதிவாகியிருந்ததோ அவர் என்ன சொன்னார், முன்பு கணக்கெழுதியவர் கோபிக்கவில்லையா, உரக்க வாசிப்பதை யாராவது எதிர்த்தார்களா என்று கேட்டார்கள். எல்லாம் நடந்தது என்பதால் பதில் சொல்வது லேசாக இருந்தது. மெருகேற்றிய கதையை எழுதியிருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே திக்கியிருப்பேன். அந்த வேலையில்தான் இப்போது இருக்கிறேன்.

அப்புறம், இடைப்பட்ட வேலைகளும் உண்டு. என் தங்கை உப்புவெளியில் படகுச் சுற்றுலா நடத்தும் ஒரு சிறிய இடத்தில் விருந்தினர் தொடர்பு வேலைக்கு விண்ணப்பித்தபோது, அலுவலகத்தில் ஒருவர் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உரிமையாளரிடம் கொடுப்பார் என்று விசாரித்து அறிந்தோம். அதனால் முதல் பந்தியில் பதவி, பேசும் மொழிகள், எப்போது சேரலாம் என்பவற்றை மட்டும் இரண்டு வரியில் எழுதினாள். கடல் கொந்தளித்ததால் பயணம் ரத்தான ஒரு காலையில் கோபப்பட்ட பயணிகளை அவள் எப்படிச் சமாளித்தாள் என்ற கதையை இரண்டாவது பந்திக்கு இறக்கினோம். வர்த்தமானியில் மாதிரிப் படிவம் தரும் அரச பதவிகளுக்கு இந்தக் கேள்வியே எழாது: அதை அப்படியே நிரப்பி அனுப்புவதுதான்.