அண்ணனிடம் சொன்னது

மார்ச் 3, திங்கள்
புது வேலைக்கான இன்டர்வியூவில் இரண்டாம் சுற்று முடிந்தது. இப்போதைய ஆலையில் என் வேலையைப் பார்த்த ஒருவருடைய பெயரைக் கேட்கிறார்கள். மேனேஜரைச் சொல்ல முடியாது. என்கூட ஒரே லைனில் நிற்கும் நண்பனிடமும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் போனால் என் வேலையும் அவன் தலையில்தான் விழும், அதைத் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிரு என்பது அவனுக்குச் செய்யும் அநியாயம். அளவீட்டு அறை அண்ணன்தான் சரி. ஆறு வருஷமாக என் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிறார், எங்கள் மேனேஜருக்குக் கீழே வருபவரும் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்
வாட்ஸ்அப்பில் கேட்கவில்லை. அண்ணன் அதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருப்பார். மெசேஜ் வந்தால் திரையின் மூலையில் முதல் வரி எட்டிப் பார்க்கும், பின்னால் எப்போதும் யாராவது நிற்பார்கள். ஷிப்ட் விட்டதும் டீக்கடைக்குக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும், வெளிய போகக் கூடாது. சங்கடம்னா சொல்லல."

"சொல்லுடா."

சொன்னேன். ஆபர் கையில் வந்து நான் பேப்பர் போடும் நாள் வரை யாருக்கும் தெரியக் கூடாது, எங்கள் டீமுக்குக்கூட. வெறுமனே 'யார்கிட்டயும் சொல்லாதீங்க' என்றால் எதுவரைக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க மேனேஜர் நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன்டா."

"வேண்டாம்ணே. அவன்கிட்டயே கேளுங்கன்னு சொல்லுங்க."

"அது ஒண்ணே அவருக்குப் போதுமே." கொஞ்சம் யோசித்தார். "சரி, இனிமே யாரைப் பத்திக் கேட்டாலும் அதையே சொல்றேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை.

மார்ச் 6, வியாழன்
புதுக் கம்பெனிக்கு அண்ணனின் சொந்த மொபைல் நம்பரைக் கொடுத்தேன், மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள் என்று. நான் ராஜினாமா செய்யும்வரை இப்போதைய கம்பெனியைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று மெயிலிலும் எழுதிவிட்டேன். நௌக்ரியில் எங்கள் கம்பெனியை பிளாக் செய்தாயிற்று. லிங்க்ட்இனில் வேலை தேடுவதை ரிக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு, ஆனால் சொந்தக் கம்பெனிக்குத் தெரியாது என்று அவர்களே உத்தரவாதம் தருவதில்லை. அணைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்
"என்னப்பா, அடிக்கடி அரை நாள் லீவு?" என்றார் மேனேஜர். வயிறு கலங்கியது. முதலில் அண்ணன்மேல்தான் சந்தேகம் போனது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. இன்டர்வியூவுக்கு ஒரே வாரத்தில் இரண்டு அரை நாள் எடுத்தது நான்தானே. ஒருவரிடம் மட்டும் சொன்னால் இப்படியும் ஒரு கஷ்டம், எது நடந்தாலும் மனசு அவரிடமே போய் நிற்கிறது.

மார்ச் 20, வியாழன்
நேற்று இரவு ஆபர் வந்தது. காலையில் மேனேஜரிடம் கடிதம் கொடுத்துவிட்டு நேராக அளவீட்டு அறைக்குப் போனேன். "அண்ணே, இனிமே சொல்லலாம்" என்றேன். கருங்கல் மேஜையில் ஒரு பாகத்தைப் பொருத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்பாடா. வீட்ல கூட சொல்லலடா."