சந்தை நாளுக்கு ஒரு மாற்று வழி: யென் அல்காரிதம் எழுதிப் பார்த்தது

வீட்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு சைக்கிளில் பதினோரு நிமிடம். வாரத்தில் ஒருநாள், சந்தை கூடும் நாளில் மட்டும், அந்தக் கணக்கு எடுபடாது. தக்காளிக் கூடைக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். அடுத்த நல்ல வழி எது, அதற்கும் அடுத்தது எது என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்க டைக்ஸ்ட்ரா இருக்கிறது, எழுதியும் பழக்கம். ஆனால் அது ஒன்றைச் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

முதலில் ஊரை ஒரு சின்னப் படமாக்கினேன். ஆறு இடங்கள், எட்டுத் தெருக்கள், எல்லாமே இருவழி. எண்கள் நிமிடக் கணக்கு.

```
வீடு–கோயில் 3      வீடு–பள்ளி 7
கோயில்–பள்ளி 2     கோயில்–சந்தை 4
சந்தை–பாலம் 2      பள்ளி–பாலம் 5
சந்தை–ஸ்டேஷன் 6    பாலம்–ஸ்டேஷன் 2
```

சிறந்த வழி: வீடு, கோயில், சந்தை, பாலம், ஸ்டேஷன். 11 நிமிடம்.

யாருக்கும் முதலில் தோன்றும் யோசனைதான் எனக்கும் தோன்றியது. சிறந்த வழியில் உள்ள தெருக்களை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டு டைக்ஸ்ட்ராவைத் திரும்ப ஓட்டுவது. நாலு தெரு, நாலு ஓட்டம். கிடைத்தவை 14, 12, 12, 13. ஒரே வழி இரண்டு முறை வந்ததை நீக்கி வரிசைப்படுத்தினால் 11, 12, 13, 14. கையால் எண்ணிப் பார்த்தாலும் முதல் நாலு வழிகள் இவையேதான். வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஐந்தாவது வழியைக் கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. இந்த முறையில் அது வரவே வராது. இரண்டாவது வழி எதுவானாலும் முதல் வழியின் ஏதாவது ஒரு தெருவையாவது தவிர்த்திருக்கும். அதனால் ஒவ்வொன்றாக அடைத்தால் இரண்டாவது வழி கட்டாயம் சிக்கிவிடும். மூன்றும் நாலும் சரியாக வந்தது என் ஊரின் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

அப்புறம்தான் ஜின் யென் 1971-இல் மேனேஜ்மென்ட் சயின்ஸ் இதழில் எழுதிய முறைக்கு வந்தேன். அவரும் தெருக்களை அடைக்கத்தான் சொல்கிறார். ஆனால் அடைப்பதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: புதிய வழி பழைய வழியோடு எதுவரை சேர்ந்தே போய், எந்த இடத்தில் முதன்முதலாகப் பிரிகிறது? பிரியும் இடம் வீடாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம், சந்தையாகவோ பாலமாகவோ இருக்கலாம். பிரியும் இடம்வரை பழைய வழியை அப்படியே வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஏற்கெனவே போன தெருவை மட்டும் அடைத்து, மிச்சத்தை டைக்ஸ்ட்ராவிடம் விட வேண்டும். கிடைப்பதையெல்லாம் ஒரு காத்திருப்புப் பட்டியலில் போட்டு, அதில் குறைந்ததை எடுத்தால் அதுவே அடுத்த வழி. எடுத்த வழியையும் இதேபோல ஒவ்வோர் இடத்திலும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றைக் கையாலேயே போட்டேன். வீட்டிலேயே பிரிந்தால் கோயில் தெரு அடைப்பு; பள்ளி, பாலம் வழியாக 14. கோயிலில் பிரிந்தால் சந்தைத் தெரு அடைப்பு. பள்ளி, பாலம் வழியாக 12. சந்தையில் பிரிந்தால் பாலத்துக்குப் போகக் கூடாது. நேராக ஸ்டேஷன், 13. பாலத்தில் பிரிந்தால் ஸ்டேஷன் தெரு அடைப்பு; திரும்பிப் பள்ளிக்குப் போகலாம், அங்கிருந்து வீட்டுக்கும் கோயிலுக்கும்தான் தெரு உண்டு. இரண்டும் ஏற்கெனவே வந்த இடங்கள், ஆக முட்டுச்சந்து. பட்டியலில் 12, 13, 14 நிற்கின்றன. 12 அடுத்த வழி.

இதைப் பைத்தான் கோடாக எழுதி ஐந்து வழி கேட்டேன். ஐந்தாவதாக வந்தது இது:

```
15  வீடு கோயில் பள்ளி கோயில் சந்தை பாலம் ஸ்டேஷன்
```

கோயிலிலிருந்து பள்ளிக்கூடம் போய்த் திரும்பக் கோயிலுக்கே வருகிறது. பிரதட்சிணம் வைக்கிறவர்களுக்குச் சரி, ரயில் பிடிக்கிறவனுக்கு எதற்கு? கையால் போட்டபோது "ஏற்கெனவே வந்த இடம்" என்று நான் இயல்பாகவே விலக்கினேன், கோடில் அதை எழுதவில்லை. பள்ளியில் பிரியும்போது பாலத்துத் தெருவை மட்டும் அடைத்திருந்தேன். கோயில் திறந்தே கிடந்தது. டைக்ஸ்ட்ரா தனக்குக் கொடுத்த மிச்சப் பகுதியில் சுற்று இல்லாமல் பார்த்துக்கொள்ளும். முன்பகுதியில் எந்த இடங்கள் வந்தன என்பது அதற்குத் தெரியாது. அதனால் பிரியும் இடத்துக்கு முன்னால் உள்ள எல்லா இடங்களையும் படத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும். சுற்றில்லாத வழி என்ற உத்தரவாதமே இந்த ஒரு செயலில்தான் இருக்கிறது.

திருத்திய கோடு:

```python
def yen(g, s, t, K):
    A = [dijkstra(g, s, t, set(), set())]
    B = []
    while len(A) < K:
        last = A[-1][1]
        for i in range(len(last) - 1):
            root = last[:i+1]
            cut = {(p[i], p[i+1]) for _, p in A
                   if p[:i+1] == root}
            r = dijkstra(g, last[i], t, set(root[:-1]), cut)
            if r:
                c = (cost(g, root) + r[0], root[:-1] + r[1])
                if c not in B:
                    B.append(c)
        if not B:
            break
        B.sort()
        A.append(B.pop(0))
    return A
```

`dijkstra` கடைசி இரண்டு உள்ளீடுகளாக வாங்குவது விலக்க வேண்டிய இடங்களையும், விலக்க வேண்டிய தெருக்களையும். வழி இல்லையென்றால் `None` தரும்.

`cut` வரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடைசியாக எடுத்த வழியின் தெருவை மட்டும் அடைத்தால் போதாது. இதுவரை எடுத்த வழிகளில் இதே முன்பகுதி கொண்டவை எத்தனையோ, அத்தனையும் அந்த இடத்திலிருந்து போன தெருக்களை அடைக்க வேண்டும். இரண்டாவது வழியைக் கோயிலில் பிரிக்கும்போது பள்ளித் தெருவோடு சந்தைத் தெருவையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் வழியே புது வேஷத்தில் பட்டியலுக்குள் வந்து நிற்கும்.

இப்போது ஐந்தாவதாக வந்தது 17: வீடு, பள்ளி, கோயில், சந்தை, பாலம், ஸ்டேஷன். பத்து கேட்டேன், எட்டோடு நின்றது: 11, 12, 13, 14, 17, 18, 19, 20. தாளில் எல்லா வழிகளையும் எழுதி எண்ணினேன், எட்டேதான். இது நல்ல சோதனை. சின்னப் படத்தில் சுற்றில்லாத வழிகளை எல்லாம் எண்ணிவிட முடியும். காத்திருப்புப் பட்டியல் காலியாகும்வரை ஓட்டி, எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் பாதிப் பிழைகள் பிடிபட்டுவிடும்.

ஓடும்போது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டாவது வழியை வீட்டிலேயே பிரித்துப் பார்த்தபோது கிடைத்ததும் அதே பழைய 14தான். வீண் ஓட்டம். இதற்கு யூஜின் லாலர் 1972-இல் ஒரு வழி சொன்னார். ஒரு வழி தன் தாய்வழியிலிருந்து எந்த இடத்தில் பிரிந்ததோ, அங்கிருந்து மேற்கொண்டு மட்டும் பிரித்தால் போதும். அதற்கு முந்தைய இடங்களைத் தாய்வழி ஏற்கெனவே பார்த்துவிட்டது. ஒவ்வொரு வழியோடும் பிரிந்த இடத்தின் எண்ணையும் சேர்த்து வைத்தேன். ஐந்து வழி எடுக்க 15 டைக்ஸ்ட்ரா ஓடியது 12 ஆனது. ஆறு இடத்துக்கு இது ஒன்றும் பெரிதில்லை. வழி நீள நீளத்தான் அருமை தெரியும், நீண்ட வழியில் பிரியும் இடங்கள் அத்தனை அதிகம்.

சரி, உண்மையான ஊரில் விட்டுப் பார்க்கலாம் என்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து புதுச்சேரியின் பழைய நகரத் தெருக்களை இறக்கினேன். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து மணக்குள விநாயகர் கோயில். ஒவ்வொரு தெருவுக்கும் தரும் எடை இப்போது நிமிடம் இல்லை, தசமப் புள்ளியோடு மீட்டர். ஓட்டியதும் ஒரே வழி அடுத்தடுத்து இரண்டு முறை வந்தது. இடங்களின் வரிசை அச்சு அசல் ஒன்றே, தூரத்தில் மட்டும் கடைசி இலக்கம் மாறியிருந்தது. முன்பகுதியைத் தனியாகவும் மிச்சத்தைத் தனியாகவும் கூட்டிப் பிறகு சேர்க்கிறோம். வேறோர் இடத்தில் பிரித்தால் கூட்டும் வரிசை மாறும், தசம எண்ணின் வாலும் மாறும். `c not in B` என்ற சோதனைக்கு அது வேறு வழி. தூரத்தை விட்டுவிட்டு இடங்களின் வரிசையை மட்டும் ஒரு `set`-இல் வைத்துச் சோதித்ததும் நின்றது. லாலர் முறையை ஒழுங்காக எழுதியிருந்தால் ஒரே வழி இருமுறை வருவதற்கே இடமில்லை. இந்தப் பெரிய படத்தில் லாலர் முறை சேர்க்காத பழைய புரோகிராமையே போட்டது என் சோம்பேறித்தனம்.

அதற்கப்புறம் வந்த ஏமாற்றத்துக்கு எந்தப் பிழையும் காரணமில்லை. வழிகளை வரைபடத்தில் வரைந்தால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று. ஒன்று ஒரு தெரு முன்னதாகத் திரும்புகிறது, இன்னொன்று ஒரு தெரு தள்ளித் திரும்புகிறது. கட்டம் கட்டமான தெருக்களில் இப்படித்தான் ஆகும். கிழக்கே ஐந்து கட்டம், வடக்கே ஐந்து கட்டம் போக வேண்டும், கட்டங்களெல்லாம் ஒரே அளவு என்றால், ஒரே நீளமுள்ள மிகக் குறுகிய வழிகள் மட்டுமே 252 இருக்கும். பத்து வழி கேட்டால் அதில் பத்து வரும். அல்காரிதம் சரியான பதிலைத்தான் தருகிறது, என் கேள்விதான் வேறு.

எனக்கு வேண்டியது வித்தியாசமான வழி. அதற்கு ஒரு சல்லடை வைத்தேன். யென் ஒவ்வொன்றாக வழி தரட்டும். முன்பு ஏற்றுக்கொண்ட ஏதாவது ஒரு வழியோடு தன் நீளத்தில் பாதிக்கு மேல் பகிர்ந்துகொள்ளும் வழியைத் தள்ளிவிடு, மூன்று தேறும்வரை ஓடு. என் ஊர்ப் படத்தில் 12 நிமிட வழி முதல் வழியோடு 5 நிமிடத்தைப் பகிர்கிறது, தேறியது. 13 நிமிட வழி 7 நிமிடத்தைப் பகிர்கிறது, பாதிக்கு மேல், தள்ளுபடி. அதுவும் சந்தை வழியாகத்தான் போகிறது, எனக்கு எப்படியும் உதவாது. 14 நிமிட வழி முதலோடு பகிர்வது பாலத்துக்கு அப்புறமுள்ள 2 நிமிடம் மட்டும். ஆனால் 12 நிமிட வழியோடு பள்ளியிலிருந்து ஸ்டேஷன்வரை 7 நிமிடம் ஒன்று, சரியாகப் பாதி. "மேல்" என்று எழுதியதால் தப்பித்தது.

புதுச்சேரிப் படத்தில் இந்தச் சல்லடை மெதுவாகவே நகர்கிறது. கட்டத் தெருக்களில் நூற்றுக்கணக்கான வழிகளை எடுத்து எடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பிரியும் இடமெல்லாம் ஒரு டைக்ஸ்ட்ரா. மாற்றாக, எடுத்த வழியின் தெருக்களுக்கு ஒன்றரை மடங்கு எடை ஏற்றி டைக்ஸ்ட்ராவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நொடியில் வேறு மாதிரி வழி வருகிறது. ஆனால் அது உண்மையில் மூன்றாவதா முப்பதாவதா என்று சொல்ல வழியில்லை. வரிசை எண் முக்கியமென்றால் யென்தான். சைக்கிளில் போகிறவனுக்கு எடை ஏற்றுவதே போதும் என்றுதான் படுகிறது.

போன சந்தை நாளில் 14 நிமிட வழியில் போனேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் என்பதைப் படத்தில் சேர்க்க மறந்திருந்தேன்.