பதினேழு மணி நேரக் கும்பாபிஷேகமும் பத்து மணி நேர பிளானும்

எங்கள் பக்கத்துக் கிராமத்துச் சிவன் கோவில் கும்பாபிஷேகத்தை நேரலை செய்யும் வேலை எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தது. விடியற்காலை நாலரை மணிக்கு நான்காம் கால யாகபூஜை. எட்டு மணி வாக்கில் பூர்ணாஹுதி, பிறகு கடம் புறப்பாடு, ஒன்பதரைக்குக் கும்பாபிஷேகம், மகாபிஷேகம் முடிய மதியம் பன்னிரண்டரை. மாலை ஐந்துக்குத் திருக்கல்யாணம், சுவாமி புறப்பாடு என்று இரவு ஒன்பதரை வரை. திருப்பணிக் கமிட்டிச் செயலாளர் சொன்னது ஒரே வரிதான்: "தம்பி, காலையில போட்டா ராத்திரி வரை நிக்காம ஓடணும்."

நான்கு இடங்களில் ஓட வேண்டும் என்றார்கள். கோவிலின் யூடியூப் சேனல், கோவிலின் ஃபேஸ்புக் பக்கம், மலேசியாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் நடத்தும் இன்னொரு யூடியூப் சேனல், உள்ளூர் கேபிள். நாலுக்கும் இங்கிருந்தே தனித்தனியாக அனுப்பினால் அப்லோடு நாலு மடங்காகிவிடும். ஒரு ஓட்டத்துக்கு 4.5 எம்பிபிஎஸ் என்றால் மொத்தம் 18. கிராமத்து ஃபைபர் லைனை நம்பி அதைச் செய்ய எனக்குத் தைரியமில்லை. அதனால் ஒரே ஓட்டத்தை வாங்கி, தன் சர்வரிலிருந்து பல இடங்களுக்குப் பிரித்து அனுப்பும் ஒரு சேவையை ஒரு மாதத்துக்கு எடுத்தேன். டாலரில் பில் வரும். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் திறந்துவிட்ட பிறகே பணம் போனது.

நடுத்தர பிளானில் நாலு வரம்புகள் இருந்தன: ஒரு நேரலை பத்து மணி நேரம், ஒரே நேரத்தில் மூன்று இடங்கள், ஒரு நேரலையில் முதல் ஆறு மணி நேரம் மட்டும் பதிவு, சேமிப்புக்கு 20 ஜிபி. விலைப்பட்டியலில் பத்து மணி நேரம் பெரிய எழுத்தில் இருக்கும், அந்த ஆறு மணி நேரம் உதவிப் பக்கத்தில் ஒரு ஓரத்தில் கிடக்கும். ஓடும் நேரமும் பதிவாகும் நேரமும் ஒன்றல்ல. பிளான் எடுப்பவர்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஆறு மணி நேரம் தாண்டினால் நேரலை பாட்டுக்கு ஓடும், பார்ப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, பதிவு மட்டும் ஓசையில்லாமல் நின்றிருக்கும்.

இதற்கு மேல், போய்ச் சேரும் தளங்களின் வரம்பு வேறு. ஃபேஸ்புக்கில் ஒரு நேரலை அதிகபட்சம் எட்டு மணி நேரம். யூடியூபில் அதைவிட நீளமாக ஓட்டலாம், ஆனால் 12 மணி நேரத்துக்குள் முடிந்தால்தான் தானாகச் சேனலில் பதிவாக நிற்கும். ஆகவே எவ்வளவு காசு கொடுத்து மேல் பிளானுக்குப் போனாலும் பதினேழு மணி நேரத்தை ஒரே நேரலையாக ஓட்டி முழுப் பதிவையும் எடுக்க வழியே இல்லை. இதைச் செயலாளரிடம் சொன்னபோது அவர் முகம் சற்று வாடியது. "நிகழ்ச்சியே மூணாத்தானே அண்ணே நடக்குது, லிங்க்கும் மூணா இருக்கட்டும்" என்றதும் சரி என்றார்.

வெட்டும் இடத்தைக் கடிகாரம் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நிகழ்ச்சியில் மூச்சு விடும் இடமாகப் பார்க்க வேண்டும். பூர்ணாஹுதி முடிந்து கடங்கள் புறப்படுவதற்கு முன் கால் மணி நேரம் கிடைக்கும். முதல் வெட்டு அங்கே. எட்டேகாலுக்கு நிறுத்தி எட்டரைக்கு அடுத்ததைத் தொடங்குவது. மதிய இடைவெளி இயல்பாகவே இரண்டாவது வெட்டு. மூன்று துண்டுகளும் முறையே மூன்றே முக்கால், நான்கு, நாலரை மணி நேரம். எந்தத் துண்டும் எந்த நேர வரம்பையும் தொடவில்லை.

யூடியூபில் மூன்றையும் முன்கூட்டியே ஷெட்யூல் செய்து, லிங்க்குகளை முதல் நாளே வாட்ஸ்அப்பில் இந்திய, மலேசிய நேரங்களோடு அனுப்பிவிட்டோம். "Enable Auto-stop" என்ற அமைப்பை மூன்றிலும் அணைத்து வைத்தேன். மின்சாரமோ இணையமோ போனால் நிகழ்வு தானாக முடிந்துவிடாமல் காத்திருக்கும். அதன் மறுபக்கம், வெட்டும் நேரத்தில் நாமேதான் உள்ளே போய் முடிக்க வேண்டும். இல்லாவிட்டால் யூடியூபில் பழைய நிகழ்வு உயிரோடு இருக்கும், அடுத்தது தொடங்கும்போது குழப்பம்தான்.

இடங்களின் எண்ணிக்கையில் இரண்டு யூடியூப் சேனல்கள் இரண்டாகவே கணக்காகும். தளம் ஒன்றுதானே என்ற சலுகை கிடையாது. கேபிளையும் சேர்த்தால் நாலு. தவிர, ஓட்டம் போய்ச் சேர வேண்டிய சர்வரைக் காட்டும் ஆர்டிஎம்பி முகவரியைக் கேபிள்காரர் கொடுத்திருந்தார். அது மாதிரி நாமே தட்டச்சு செய்யும் முகவரிகளை மேல் பிளானில்தான் சேர்க்க முடியும். அந்தப் பிளான் ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. கேபிள் ஆபீஸ் அதே தெருவில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஸ்விட்சரின் ஒரு எச்டிஎம்ஐ வெளியீட்டை அவர்கள் கொண்டுவந்த என்கோடரில் செருகினோம். அவர்களுடைய சொந்த ஃபைபரில் படம் போய்விட்டது. இணையத்துக்கே வேலையில்லை.

அப்புறம் சேமிப்பு. இதுதான் நிஜமாகக் கணக்குப் போட வேண்டிய இடம். 4.5 எம்பிபிஎஸ்ஸை எட்டால் வகுத்து 3600-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபி. காலை இரண்டு துண்டுகள் பதினைந்தரை, மாலை ஒன்பது. மொத்தம் இருபத்து நாலரை, கையில் இருப்பதோ இருபது. பிட்ரேட்டைக் குறைத்தால் அடங்கும், ஆனால் யாகப் புகையும் விமானத்தின் மேல் தெளிக்கும் தண்ணீரும் படத்தைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். அதனால் குறைக்கவில்லை. மதிய இடைவெளியில் காலைப் பதிவுகளை இறக்கி, அங்கே அழிப்பது என்று முடிவு. 40 எம்பிபிஎஸ் வேகத்தில் பதினைந்தரை ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

இறங்கிய கோப்புகளைத் தொடக்கம், நடு, முடிவு என்று ஓட்டிப் பார்த்துவிட்டு அழித்தேன். சேமிப்புப் பட்டை அசையவே இல்லை. அழித்தது குப்பைத் தொட்டிக்குப் போய், அங்கேயும் கணக்கில் நின்றுகொண்டிருந்தது. தொட்டியையும் காலி செய்த பிறகு பட்டை இறங்கியது. அதைப் பார்க்காமல் மாலை நேரலையைத் தொடங்கியிருந்தால் நாலரை ஜிபியில், அதாவது இரண்டேகால் மணி நேரத்தில், திருக்கல்யாணத்தோடு பதிவு நின்றிருக்கும். அந்தச் சேவை எச்சரிக்கையை மின்னஞ்சலில் மட்டும் அனுப்புகிறது. நேரலை நடக்கும்போது மின்னஞ்சலை யார் பார்க்கிறார்கள்?

இதையெல்லாம் மீறி, கணினியிலும் ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருள் மூலம் ஒரு பதிவு ஓடிக்கொண்டேதான் இருந்தது. எம்கேவி வடிவத்தில். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது ஓடும், எம்பி4 என்றால் கோப்பே திறக்காமல் போகலாம். முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸிலேயே "Remux Recordings" கொடுத்து எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். சுவாமி புறப்பாட்டின்போது இணையம் கொஞ்ச நேரம் தடுமாறியது. சேவையின் பதிவு இரண்டு கோப்பாக உடைந்தது, நடுவில் ஒரு ஓட்டை. எங்கள் எம்கேவியில் அந்த இடம் முழுதாக இருந்தது. கமிட்டிக்கு ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தது அதைத்தான்.

பிளானை மறுநாளே ரத்து செய்யவில்லை. ரத்து செய்து இலவசப் பிளானுக்கு இறங்கியதும் பதிவுகள் பூட்டப்படும் என்று விதிமுறையில் இருந்தது. மாலைப் பதிவையும் இறக்கிச் சரிபார்த்த பிறகே ரத்து செய்து, உறுதி மின்னஞ்சலை எடுத்து வைத்துக்கொண்டேன். ஃபேஸ்புக்கில் 2025 பிப்ரவரியிலிருந்து புதிய நேரலைகள் 30 நாள்தான் நிற்கும் என்பதையும் செயலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். "தம்பி, ஃபேஸ்புக்ல வீடியோவைக் காணோமே?" யூடியூப் லிங்க்குகள் மூன்றையும் மறுபடி அனுப்பி வைத்தேன்.