மைனஸ் 498

கோயம்புத்தூரில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். பேங்க் ஸ்டேட்மென்ட் பார்த்தே பழகிய கண் என்னுடையது. அதனால் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஃபைலை முதன்முதலில் திறந்தபோது பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தேதி, வாங்கியதா விற்றதா, எத்தனை, என்ன விலை, கட்டணம் எவ்வளவு என்று வரிசையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, இதில் இருப்பு என்ற பத்தியே இல்லை. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மீதி இருக்கும், நடுவில் ஒரு வரி விடுபட்டால் அடுத்த வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். டிரேட் ஃபைல் அப்படி இல்லை. பாதி வியாபாரம் காணாமல் போயிருந்தாலும் பார்க்க முழுசாகவே தெரியும்.

அதனால் இப்போது எந்த ஃபைல் வந்தாலும், லாப நஷ்டத்தைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வொரு காயினுக்கும் தனியாக ஒரு இருப்புப் பத்தி போட்டுவிடுகிறேன். வந்தது பிளஸ், போனது மைனஸ், கட்டணமும் மைனஸ், தேதி வரிசையில் கூட்டிக்கொண்டே வர வேண்டும். எந்த நாளிலும் அது பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது. கையில் இருக்கும் காயினை மட்டும் வைத்துச் செய்யும் ஸ்பாட் வியாபாரத்தில் இல்லாத காயினை விற்க முடியாது. போனால், ஏதோ ஒரு ஃபைல் என் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

2024 ஜூலையில், ரிட்டர்ன் அவசரத்தில், சம்பளக்காரத் தம்பி ஒருவர் இரண்டு ஃபைல் அனுப்பினார். ஒன்று வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சின் டிரேட் ஃபைல், இன்னொன்று இந்திய எக்ஸ்சேஞ்சினுடையது. "எல்லாமே அதுல இருக்குங்க அக்கா" என்றார். வெளிநாட்டு ஃபைலில் மொத்தமே ஒரு வரிதான். 2023 அக்டோபரில், டாலர் மதிப்போடு ஒட்டி நிற்கும் டெதர் என்ற காயினில் 498 கொடுத்து, ஒன்று 1,660 டெதர் என்ற விலையில் ஈதர் என்ற இன்னொரு காயின் 0.3 வாங்கியிருக்கிறார். இருப்புப் பத்தியில் முதல் வரியிலேயே டெதர் மைனஸ் 498. அந்த டெதர் எங்கிருந்து வந்தது? அவரைக் கேட்டேன். அந்த எக்ஸ்சேஞ்சுக்குத் தான் பணமே அனுப்பவில்லை என்று உறுதியாகச் சொன்னார். பேங்க் ஸ்டேட்மென்ட்டும் அதையேதான் சொன்னது, அக்டோபரில் எக்ஸ்சேஞ்ச் பெயரில் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

இங்கே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டுக்குப் பொருந்திய வருமான வரிச் சட்டத்தின் 115BBH பிரிவின்படி, கிரிப்டோவை விற்ற தொகையிலிருந்து வாங்கிய விலையை மட்டும்தான் கழிக்கலாம், மீதிக்கு 30 சதவீதம் வரி. வாங்கிய விலைக்கு ஆதாரம் இல்லையென்றால் கழிக்க ஒன்றுமே இல்லை. விற்ற தொகை முழுவதும் லாபமாகிவிடும்.

எக்ஸ்சேஞ்ச் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அந்த வாரத்தில் தனி ஆட்கள் பெயருக்குப் போன யுபிஐ வரிகளை மட்டும் எடுத்தேன். மூன்று இருந்தன. ஒன்று வீட்டு வாடகை, ஒன்று நண்பருக்கு. மூன்றாவது, அவருக்கே யாரென்று நினைவில்லாத ஒரு பெயருக்கு 45,000 ரூபாய். "பி2பில ஏதாவது வாங்கினீங்களா தம்பி?" என்று கேட்டதும்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. பி2பி என்றால் இன்னொரு ஆளிடம் நேராக வாங்குவது; எக்ஸ்சேஞ்ச் நடுவில் காயினைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பணம் மட்டும் நேராக விற்பவர் கணக்குக்குப் போகும். அதனால் பேங்க்கில் எக்ஸ்சேஞ்ச் பெயர் வராது. அவருடைய எக்ஸ்சேஞ்சில் இது டிரேட் ஃபைலிலும் வரவில்லை, டெபாசிட் ஃபைலிலும் வரவில்லை. பி2பி ஆர்டர் ஹிஸ்டரி என்று தனியாக ஒன்றைப் பதிவிறக்க வேண்டியிருந்தது.

அது வந்தது. ஒன்று 90 ரூபாய் வீதம் 500 டெதர், மொத்தம் 45,000. தொகை பொருந்தியது, ஆனால் நேரம் பொருந்தவில்லை. ஃபைலில் 13:22, அவர் போனில் யுபிஐ பணம் போன நேரம் மாலை 6:56. வேறு ஆர்டரோ என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். அப்புறம்தான் பத்தியின் தலைப்பைப் பார்த்தேன், யுடிசி என்ற உலகப் பொது நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 6:52. ஆர்டர் போட்டு நான்கு நிமிடத்தில் பணம் கட்டியிருக்கிறார்.

```
=A2+TIME(5,30,0)
```

இதை நான் இப்போது ஃபைல் திறந்த கையோடு செய்துவிடுகிறேன், ஏனென்றால் யுடிசியில் மார்ச் 31 இரவு 7 மணி என்பது நமக்கு ஏப்ரல் 1, அதாவது அடுத்த நிதியாண்டு.

விற்றவர் பெயர் பேங்க்கில் இருக்கும் பெயர்தானா என்று பார்க்க, ஆர்டர் எண்ணைப் போட்டு அந்த ஆர்டரைத் திறக்கச் சொன்னேன். அப்படி ஓர் ஆர்டரே இல்லை என்று வந்தது. தவறு என்னுடையதுதான். சிஎஸ்வியை எக்ஸலில் நேராகத் திறந்திருந்தேன், எக்ஸல் 15 இலக்கத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாது. 20 இலக்க எண்ணின் கடைசி ஐந்தும் பூஜ்யமாகியிருந்தன. அந்தப் பத்தியை டெக்ஸ்ட் என்று சொல்லி மறுபடி இறக்கியதும் எண் சரியாக வந்தது, ஆர்டரும் திறந்தது, பெயரும் அதே பெயர்.

இனி விற்ற பக்கம். 0.3 ஈதர் வாங்கினார் என்று ஃபைல் சொன்னாலும் கைக்கு வந்தது 0.2997, கட்டணம் 0.1 சதவீதத்தை ஈதரிலேயே பிடித்துக்கொண்டார்கள். இந்திய எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியபோது 0.001 வித்டிராயல் கட்டணம், போய்ச் சேர்ந்தது 0.2987. டிசம்பரில் ஒன்று 1,90,000 ரூபாய் என்று விற்றிருக்கிறார், 56,753 ரூபாய். பேங்க்கில் வந்ததோ 56,052.87.

தம்பி இந்த பேங்க் தொகையைத்தான் விற்பனை என்று எழுதி வைத்திருந்தார். நடுவில் காணாமல் போன 700 ரூபாயை உட்கார்ந்து பிரித்தோம். கட்டணம் 0.2 சதவீதம் 113.51. அதன் மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 20.43. இரண்டும் போக மீதி 56,619.06, அதில் 1 சதவீதம் டிடிஎஸ் 566.19. டிடிஎஸ்ஸை மொத்த விற்பனைத் தொகையில் போட்டுப் பார்த்தால் ஒரு ரூபாய் முப்பத்துநான்கு காசு இடிக்கும், ஒரு மணி நேரம் அதையே தேடிக்கொண்டிருப்போம். ரிட்டர்னில் விற்பனை என்று போக வேண்டியது 56,753 ரூபாய்தான், கட்டணத்தைக் கழிக்க முடியாது. ஆனால் அந்த 566.19 அவருடைய பணம். பிடித்த வரியெல்லாம் பதிவாகும் 26ஏஎஸ் படிவத்தில் இருக்கிறதா என்று பார்த்து வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். பேங்க் தொகையை மட்டும் எழுதியிருந்தால் விற்பனையும் குறைவாகப் போயிருக்கும், டிடிஎஸ்ஸும் கண்ணில் பட்டிருக்காது.

டெதரைக் கொடுத்து ஈதர் வாங்கியதும் சட்டப்படி ஒரு விற்பனைதான், பேங்க்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் தனியாகக் காட்ட வேண்டும். அன்றைக்கும் டெதர் 90 ரூபாய்தான் என்பதால் லாபம் வரவில்லை. 498 டெதரின் அடக்கம் 44,820. அதுவே 0.3 ஈதரின் விலை. கட்டணமாகப் போன ஈதருக்கு உரிய பங்கை விட்டுவிட்டு, விற்ற 0.2987-க்கு மட்டும் பார்த்தால் 44,626 ரூபாய். எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தை அடக்கத்தில் சேர்க்க எங்கள் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆக, லாபம் 12,127, வரி செஸ் இல்லாமல் 3,638. அந்த பி2பி ஃபைல் கிடைக்காமல் இருந்திருந்தால் 17,026 கட்டியிருப்பார்.

கடைசியாக இருப்புப் பத்தியைப் பார்த்தேன். 500 வந்து 498 போயிருக்கிறது, இன்னும் 2 டெதர் எங்கேயோ இருக்க வேண்டும். ஸ்பாட் வாலட்டில் ஒன்றும் இல்லை என்றார். பி2பியில் வாங்கியது முதலில் ஃபண்டிங் வாலட்டுக்குத்தான் வரும், அங்கே பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார்: 2.00.