அம்மாவின் நரையில் ஏறிய மஞ்சள்

அம்மா சாயம் பூசுவதை விட்ட பிறகு தலை நல்ல வெள்ளையாக வந்தது. முன்நெற்றிப் பக்கமும் நுனியும் மட்டும் மஞ்சள் பாரித்துக் கிடந்தன. வெயிலும் அடுப்புப் புகையும் ஒரு காரணம். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பைத் தலைமயிரிலும் படிய விடும். அது மயிரை மங்கலாக்கும்.

அதனால் நரையின் மஞ்சளை அடக்கப் போடும் நாவல் நிற ஷாம்புவை எடுத்தவுடனே பூசவில்லை. அம்மா நல்லெண்ணெய் வைப்பவர். எண்ணெய் இருக்கிற இடத்தில் நிறம் பிடிக்காது. முதலில் இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்ந்த, உப்புப் படிவை எடுக்கிற ஷாம்புவால் முழுக வார்த்தேன். அதிலேயே மஞ்சள் கொஞ்சம் குறைந்துவிட்டது. மிச்சம்தான் நாவல் நிறத்தின் வேலை.

அது மஞ்சளைக் கழுவி எடுப்பதில்லை. நிறச் சக்கரத்தில் மஞ்சளுக்கு எதிரே இருப்பது நாவல் நிறம். அந்தச் சாயம் மயிரின் மேற்பரப்பில் ஒட்டி, மஞ்சளைக் கண்ணுக்குத் தெரியாமல் அடக்குகிறது. அதாவது மயிர் வெளுப்பதில்லை, சாம்பல் பக்கம் ஒரு சொட்டு இருள்கிறது. இதனால்தான் அடிக்கடி போட்டால் வெள்ளை நரை பொலிவிழந்து போகும்.

கையுறை போட்டு, முதலில் காதின் பின்பக்கத்துக் கற்றை ஒன்றில் இரண்டு நிமிடம் வைத்துப் பார்த்தேன்.

"பிள்ளை, தலை நாவற்பழம் மாதிரி வந்திடுமோ?" என்று அம்மா கேட்டார்.

"இல்லையம்மா, பொறுங்கோ" என்று சொல்லிக் கழுவித் துவட்டினேன். ஈரத்தில் பார்த்து முடிவு சொல்லக்கூடாது, காய்ந்த பிறகுதான் உண்மை நிறம் தெரியும். காய்ந்ததும் மஞ்சள் போயிருந்தது, நாவல் சாயலும் இல்லை.

அப்புறம் முழுத் தலைக்கும் போட்டேன். மஞ்சள் இருந்த இடங்களில் முதலில் பூசி, சுத்த வெள்ளையாக இருந்த வேர்ப் பக்கத்துக்குக் கடைசி நிமிடத்தில் மட்டும் நுரையை இழுத்துவிட்டேன். மஞ்சள் இல்லாத வெள்ளையில் இந்தச் சாயத்துக்கு அடக்க ஒன்றுமில்லை, அது தன் நிறத்தையே காட்டும். காய்ந்து நொறுங்கிய நுனியும் அதிகமாக உறிஞ்சும், அங்கே கண் வைத்திருக்க வேண்டும். நாவல் சாயல் ஏறினாலும் பயமில்லை, சாதாரண ஷாம்புவால் சில தடவை கழுவ இறங்கிவிடும். இறங்குவதால்தான் மஞ்சள் திரும்பத் தெரியும்போது மறுபடி போட வேண்டியும் வருகிறது. அம்மாவுக்கு இப்போது வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் தேவைப்படுவதில்லை.

தங்கையின் மகள் கறுப்பு முடியை வெளுக்க வைத்து, அது செம்மஞ்சள் பாரித்த செம்பட்டையாக நின்றது. அம்மாவின் போத்தலைப் போட்டுப் பார்த்தாள், ஒரு மாற்றமும் இல்லை. செம்மஞ்சளுக்கு எதிர்நிறம் நீலம், அவளுக்கு வேண்டியது நீல ஷாம்பு. அதுவும் சாயலைத்தான் தணிக்கும், இன்னும் வெளுக்க வைக்காது. அந்த நீலத்தை அம்மாவின் பக்கம் வைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மஞ்சள் நரையில் நீலம் பட்டால் பச்சைச் சாயல் தட்டும்.