டேஷ்போர்டு செய்முறைத் தேர்வு: என்னை முதல் முறை கவிழ்த்த ஒரே ஒரு வரம்பு

நேற்று ரிசல்ட் வந்தது, பாஸ். இரண்டாவது முயற்சி. முதல் முறை சார்ட், ஃபில்டர், வண்ணம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் வந்தும், எச்சரிக்கைப் பகுதியில் முட்டை. காரணம் இந்த ஃபார்முலா:

```
=(B10-AVERAGE(B3:B10))/STDEV(B3:B10)
```

B10 கடைசி வாரப் பார்வை எண்ணிக்கை. அது சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்பதுதான் விடை. அது 3-ஐத் தாண்டினால் செல் சிவக்க வேண்டும். தேர்வாளர் வந்து B10-ல் 9000 என்று அடித்தார். அதற்கு முந்தைய ஏழு வாரப் பார்வைகளும் 1150-க்கும் 1300-க்கும் நடுவில்தான். செல் சிவக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சராசரி 2195, திட்ட விலக்கம் 2750, விடை வெறும் 2.47. 9000-க்குப் பதில் ஒரு கோடி போட்டாலும் 2.47-ஐத் தாண்டாது. சோதிக்கும் வாரமும் சராசரிக்குள் இருப்பதால், அது தன்னோடு விலக்கத்தையும் இழுத்துக்கொண்டே ஏறுகிறது. n வாரம் எடுத்தால் உச்சவரம்பு (n-1)/√n. 11 வாரத்துக்குக் குறைவாக எடுத்து 3 என்று வரம்பு வைத்தால் அந்த செல் எந்தக் காலத்திலும் சிவக்காது.

சராசரிக்கும் விலக்கத்துக்கும் எடுக்கும் செல்களை B2:B9 என்று ஒரு வரி மேலே தள்ளினால் 9000 பிடிபடும். ஆனால் வேலை அதோடு முடியவில்லை. அடுத்த வாரம் அந்த 9000 பழைய கணக்கில் சேர்ந்துவிடும். B11-ல் பார்வை 600-க்கு விழுந்தால் விடை -0.58. பாதியாகச் சரிந்தது கண்ணிலேயே படாது, எட்டு வாரத்துக்கு இதே கதை. அதனால் இந்த முறை சராசரியை விட்டுவிட்டு இடைநிலைக்கு மாறினேன். கூகுள் ஷீட்ஸில்:

```
=(B11-MEDIAN(B3:B10))/(1.4826*
ARRAYFORMULA(MEDIAN(ABS(B3:B10-MEDIAN(B3:B10)))))
```

இடைநிலை 1235, அதிலிருந்து வாரங்கள் விலகும் தூரத்தின் இடைநிலை 45. 600-க்கு விடை -9.5. உடனே சிவந்தது. வரம்பு 3.5 வைத்தேன்.

எழுதப்போகிறவர்களுக்கு:

- கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் ABS போடுங்கள். இல்லாவிட்டால் ஏற்றம் மட்டும் சிவக்கும், சரிவு தப்பிவிடும்.
- பாதிக்கு மேல் வாரங்களில் ஒரே எண் இருந்தால் வகுக்கும் எண் 0 ஆகிப் பிழை வரும். கமெண்ட் எண்ணிக்கை மாதிரிச் சின்ன எண்களில் இது அடிக்கடி நடக்கும். IFERROR போட்டு வெறுமையாக விட்டால் எச்சரிக்கையும் சேர்ந்தே காணாமல் போகும். "கையால் பார்" என்று எழுத வையுங்கள்.
- சார்ட்டுக்கு அரை மணிக்கு மேல் கொடுக்காதீர்கள். நான் முதல் முறை இரண்டு மணி நேரம் கொடுத்தேன்.
- முடிக்கும் முன் கடைசி செல்லில் ஒரு பெரிய எண், பிறகு ஒரு சின்ன எண் அடித்துப் பாருங்கள்.
- இன்னும் முடியாத வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதன்கிழமை திறந்தால் மூன்று நாள் பார்வை முழு வாரத்தோடு மோதி, ஒவ்வொரு முறையும் பொய்யாகச் சிவக்கும்.